நீள முகமா, முட்டை முகமா: வெட்டுவதற்கு முன் கண்ணாடியில் ஒட்ட வேண்டிய பொட்டு

திருப்பாதிரிப்புலியூரில் என் பார்லர் கண்ணாடியின் ஓரத்தில் எப்போதும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டை செருகியிருக்கும். நெற்றியில் வைப்பதற்கு இல்லை, முகத்தை அளப்பதற்கு. கத்தரிக்கோலைக் கையில் எடுக்குமுன் வந்தவரைக் கண்ணாடிக்கு நேராக நிற்கவைத்து, முடியை முழுக்கப் பின்னால் இழுத்துக் கட்டி, ஒரு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வேன். தலையை ஆட்டாமல், கண்ணாடியில் தெரியும் தன் முகத்தின் ஓரங்களில் அவரே பொட்டு ஒட்ட வேண்டும். முடி தொடங்கும் இடத்தில் ஒன்று, மோவாய் நுனியில் ஒன்று, நெற்றியின் இரு ஓரம், கன்ன எலும்பின் இரு ஓரம், காதுக்குக் கீழே தாடை திரும்பும் இரண்டு மூலை. மொத்தம் எட்டுப் பொட்டு. அவர் நகர்ந்ததும் ஸ்கேலை வைத்து அளந்துகொள்ளலாம்.

கண்ணாடியில் விழும் இந்த அளவு நிஜ முகத்தில் சரியாகப் பாதிதான் இருக்கும். எவ்வளவு தள்ளி நின்றாலும் பாதிதான். அதனால் ஒன்பது சென்டிமீட்டர் என்று வந்தால் பயப்பட வேண்டாம். நமக்குத் தேவை நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் மட்டுமே. செல்ஃபியை வைத்து அளந்துகொண்டு வருபவர்களும் உண்டு. போனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து எடுத்தால் மூக்கு முன்னே வந்து, கன்னத்தின் ஓரங்கள் பின்னால் ஓடிவிடும். முகம் உள்ளதைவிட ஒல்லியாகத் தெரியும். முட்டை முகக்காரர்கள் பாதிப்பேர் தங்களுக்கு நீள முகம் என்று நம்புவதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

முட்டை முகத்தில் நீளம், கன்ன அகலத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கண்ணாடியில் 9.3க்கு 6.4 என்று வந்தால் சந்தேகமே இல்லை. நெற்றி கொஞ்சம் குறைவு, தாடை இன்னும் கொஞ்சம் குறைவு, மூலைகள் எல்லாம் மழுங்கி இருக்கும். நீள முகத்தில் இந்த ஒன்றரையைத் தாண்டிவிடும். நெற்றி, கன்னம், தாடை மூன்றும் பெரிய வித்தியாசம் இல்லாமல் ஒரே அகலத்தில் இறங்கும். சதுர முகத்திலும் மூன்றும் ஒரே அகலம்தான், ஆனால் நீளம் அகலத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், தாடை மூலை தெளிவாகத் திரும்பும். இதய முகத்தில் நெற்றிதான் எல்லாவற்றிலும் அகலம், மோவாய் கூர்மை. பெரும்பாலான முகங்கள் இரண்டு வகைக்கு நடுவில் நிற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது எந்தப் பெயர் என்று அலசுவதில் பயன் இல்லை. எங்கே அகலம் கூடுதல், எங்கே நீளம் கூடுதல் என்பது தெரிந்தால் வேலை நடக்கும்.

இதில் தவறு அதிகம் நடப்பது நீள முகத்தில்தான். ஆகவே அதையே விரிவாகச் சொல்கிறேன்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். 26 வயது, தனியார் பள்ளியில் டீச்சர், தினமும் ஸ்கூட்டியில் போய் வருபவள். ஜனவரியில் அண்ணன் கல்யாணத்துக்காக ஸ்மூத்தனிங் செய்திருக்கிறாள். இடுப்பு வரை பளபளவென்று தொங்குகிற முடி, நடு வகிடு. "அக்கா, முடி நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுக்கப்புறம் என் முகம் குதிரை மாதிரி ஆயிட்டுது. ஸ்டெப் கட் பண்ணி விடுங்க" என்றாள். அம்மா உடனே, "நீளத்துல கை வைக்காதம்மா" என்றார்.

பொட்டு ஒட்டிப் பார்த்தோம். நீளம் 10.2, கன்னம் 6.2. ஒன்றரையைத் தாண்டி ஒன்றே முக்காலுக்கு அருகில் போகிறது. நெற்றி 5.9, தாடை 5.6. சரி, நீள முகம்தான். ஆனால் இதோடு நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்தது. நீளம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். புருவத்தில் ஒரு பொட்டு, மூக்கின் அடியில் ஒரு பொட்டு கூடுதலாக ஒட்டினால் முகம் மூன்று பங்காகப் பிரியும். அவளுக்கு மேல் பங்கு 3.8, நடு 3.2, கீழ் 3.2. அதாவது நெற்றி மட்டும்தான் உயரம். மீதி முகத்தில் ஒரு குறையும் இல்லை. சிறு வயதிலிருந்து இறுக்கிப் பின்னியதில் முன் ஓரத்து முடி கொஞ்சம் மெலிந்து பின்வாங்கியிருந்ததும் தெரிந்தது.

ஸ்மூத்தனிங்குக்குப் பிறகு முகம் நீண்டது போலத் தெரிவதற்கும் காரணம் இருக்கிறது. அவளுடைய இயல்பான முடி அலை அலையான, கொஞ்சம் புடைத்து நிற்கும் முடி. அந்தப் புடைப்பு கன்னத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்தைத் தந்துகொண்டிருந்தது. மருந்து போட்டு அதை அழுத்தியதும், முகத்தின் இருபுறமும் இரண்டு கறுப்புத் திரை நேராகத் தொங்கியது போல ஆகிவிட்டது. நடுவில் தெரியும் முகம் ஒரு ஒடுக்கமான கதவு. நேர்க்கோடு கண்ணை மேலும் கீழுமாக இழுக்கும். நீள முகக்காரர்கள் ஸ்ட்ரெயிட்டனிங் கேட்டு வந்தால் நான் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கச் சொல்வது இதற்காகத்தான். மருந்தால் நீட்டிய முடி திரும்பச் சுருளாது, வேரிலிருந்து புதிதாக வருவதுதான் அலையோடு வரும்.

இப்போது அவள் முன் இருந்த வழிகள். முதல் வழி, அவள் கேட்ட ஸ்டெப் கட். நீளம் இடுப்பிலேயே இருக்கும், முதல் படி மோவாயில் தொடங்கும், பின்னலும் கிடைக்கும், அம்மாவுக்கும் சந்தோஷம். ஆனால் முடியின் நுனி எங்கே முடிகிறதோ அங்கேதான் பார்ப்பவர் கண் போய் நிற்கும். முதல் படி மோவாயில் விழுந்தால் கண் மோவாய்க்கு இறங்குகிறது. நீளத்தை நாமே கோடு போட்டுக் காட்டியது போலாகும். கன்னத்தில் அகலம் எதுவும் கூடாது. அவள் சொன்ன குறைக்கு இந்த வெட்டு மருந்தே இல்லை.

இரண்டாவது, புருவம் வரைக்கும் முழு ஃபிரிஞ்ச். கண்ணாடியில் மட்டும் பார்த்தால் இதுதான் ஜெயிக்கும். அந்த 3.8 அப்படியே மறைந்து, தெரிகிற முகம் 6.4 தான். ஒரே நாளில் முகம் சின்னதாகிவிடும். ஆனால் நாம் இருப்பது கடற்கரை ஊர். மே மாதத்தில் பகல் பதினோரு மணிக்கு மஞ்சக்குப்பத்தில் பஸ்ஸுக்கு நின்றால் நெற்றி நனைந்துவிடும்; ஃபிரிஞ்ச் நாலைந்து இழையாகப் பிரிந்து ஒட்டிக்கொள்ளும். தலைக்கு எண்ணெய் வைத்தால் அதைவிடச் சீக்கிரம் பிரியும். ஹெல்மெட் வேறு. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வளரும் என்பதால், புருவத்தில் நிற்கிற ஃபிரிஞ்ச் ஒரு மாதத்தில் கண்ணில் குத்தும்; மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வர வேண்டும். இதற்கெல்லாம் மேலே, பொட்டு தெரியாது. இதைச் சின்ன விஷயம் என்று நினைத்து வெட்டிவிட்டு, மறுநாளே கிளிப் போட்டு மேலே தூக்கிக் குத்திக்கொண்டு திரிந்தவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் உண்டு. இன்னொன்று, முன் நெற்றியில் சுழி இருப்பவர்களுக்கு ஃபிரிஞ்ச் நடுவில் பிளந்துகொண்டுதான் நிற்கும், யார் வெட்டினாலும்.

மூன்றாவது, தோளுக்குச் சற்று மேல் நிற்கும் நீள பாப். நீள முகத்துக்குப் புத்தகப்படி இதுதான் பொருத்தம்: முடி குறைந்தால் செங்குத்துக் கோடு குறையும், நுனி அகலமாக நிற்கும். புதுச்சேரியில் ஆபீஸ் வேலைக்குப் போகிற பெண்கள் இதைத் தைரியமாக வெட்டிக்கொள்கிறார்கள், நன்றாகவும் இருக்கிறது. ஆனால் இவள் வாரத்தில் ஐந்து நாள் சேலை கட்டிப் பின்னல் போட்டுக்கொண்டு வகுப்பில் நிற்பவள். பின்னல் வராத நீளம் அவளுக்கு தினமும் காலையில் தொல்லை.

இங்கே ஒரு விஷயம். வெட்டு பற்றிய அறிவுரைகள் எல்லாமே முடியை விரித்துப் போட்டிருப்பதாக எண்ணித்தான் எழுதப்படுகின்றன. நம் ஊரில் பெரும்பாலான பெண்கள் ஏழு நாளில் ஆறு நாள் பின்னலோ கொண்டையோ கிளிப்போதான். பின்னிவிட்டால் முதுகில் இருப்பது யு கட்டா, வி கட்டா, ஸ்டெப்பா என்பது முகத்துக்கு ஒன்றும் செய்யாது. முகத்தைச் சுற்றி மிச்சம் இருப்பது இரண்டே: வகிடும், முன்னால் விழுகிற ஃபிளிக்ஸும். ஆகவே அவளிடம் சொன்னேன், காசையும் யோசனையையும் முன்பக்கத்தில் போடு, பின்பக்கத்தை அம்மாவுக்கு விட்டுவிடு என்று.

செய்தது இதுதான். வகிட்டை நடுவிலிருந்து இடது பக்கம் நகர்த்தினேன். "கோண வகிடா? நாளைக்குக் கல்யாணம் ஆனா குங்குமம் எங்க வெப்பா?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி, நடு வகிட்டில் குங்குமம் வைக்கும் வீட்டில் கோண வகிட்டை யாரும் ரசிக்க மாட்டார்கள். அதனால் முழுக்கோணல் வேண்டாம், முன்னால் ஒரு விரல் மட்டும் நகர்த்தி, பின்னால் உச்சிக்குப் போகும்போது நடுவில் சேர்த்துவிட்டேன். இடது புருவத்தின் உள் முனைக்கு நேர் மேலே தொடங்குகிற வகிடு. இவ்வளவு நகர்ந்தாலே வலது பக்கத்து முடி நெற்றியைச் சாய்வாகக் கடந்து போகும். நெற்றி எங்கே முடி தொடங்குகிறதோ அங்கே முடிவதாகக் கண் எடுத்துக்கொள்ளாது. முடி எங்கே குறுக்கே கடக்கிறதோ அங்கே முடிவதாக எடுத்துக்கொள்ளும்.

ஃபிளிக்ஸுக்கு, வகிட்டில் முன் ஓரத்திலிருந்து இரண்டு விரல் உள்ளே ஒரு புள்ளி, அங்கிருந்து இரு புருவ வால்களுக்கு நேராக ஒரு முக்கோணம் பிரித்தேன். முன் ஓரம் மெலிந்தவர்களுக்கு இந்த முக்கோணத்தைப் பெரிதாக்கக் கூடாது. ஃபிளிக்ஸ் அடர்த்தியாகும், ஆனால் பின்னல் போடும்போது உச்சந்தலை தெரிய ஆரம்பிக்கும். முதல் நுனி கன்ன எலும்பில், பிறகு படிப்படியாக இறங்கி மோவாய்க்குச் சற்று மேலே நின்றுவிடும்படி வெட்டினேன். கன்னத்தில் நுனிகள் வெளியே திரும்பினால் அந்த இடத்தில் அகலம் கூடும். நீள முகத்துக்கு அகலம் வேண்டிய இடம் அதுதான். உச்சந்தலையில் உயரம் வரவே கூடாது, அதனால் மேலே லேயர் எதுவும் இல்லை. பின்பக்கம் இடுப்பிலிருந்து முதுகின் நடுப்பகுதி வரை ஏற்றி, சாதாரண யு கட். அம்மா முகம் வாடியது. பின்னிக் காட்டியதும், பின்னல் முன்பைவிடக் கனமாகத் தெரிவதாக அவரே ஒப்புக்கொண்டார். மெலிந்த நுனி போனால் அப்படித்தான்.

இதிலும் குறை உண்டு. ஸ்மூத்தனிங் செய்த முடி வளைய மறுக்கும். ஃபிளிக்ஸ் வெளியே திரும்ப வேண்டுமென்றால் காலையில் பெரிய ரோலர் ஒன்றைப் பத்து நிமிடம் சுற்றி வைக்க வேண்டும், வியர்த்தால் மதியத்துக்குள் தொங்கிவிடும். தொங்கினாலும் கன்னத்தின் மேல் சாய்வாகத்தான் கிடக்கும் என்பதால் பாதகம் இல்லை. பின்னல் நாட்களில் இந்த நுனிகளைப் பின்னலுக்குள் இழுத்துச் சேர்க்கக் கூடாது, வெளியே விட வேண்டும். இதை அவளிடம் மூன்று முறை சொல்லி அனுப்பினேன்.

ஒருவேளை அவளுக்கு மேல் பங்குக்குப் பதில் கீழ் பங்கு நீண்டிருந்தால் நான் வேறு வழியில் போயிருப்பேன். மோவாய் நீண்ட முகத்தில் முழு ஃபிரிஞ்ச் வெட்டினால் நெற்றி மறைந்து, மோவாய் இன்னும் பெரிதாகத் தெரியும். அவர்களுக்கு நெற்றியைத் திறந்துவிட்டு, அகலத்தை வாய்க்கும் தாடைக்கும் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். கழுத்தெலும்பு வரை நிற்கும் அலை முடி அவர்களுக்கு அவ்வளவு அழகு.

சதுர முகத்தைப் பற்றி என் கைத்தவறு ஒன்றிலிருந்தே சொல்லலாம். தொழிலுக்கு வந்த புதிதில் என் அத்தை மகளுக்கு பாப் வெட்டினேன். அவளுக்கு நல்ல எடுப்பான தாடை. ஈர முடியில் தாடைக்கு ஒரு விரல் கீழே அளந்துதான் வெட்டினேன். காய்ந்ததும் அலை முடி இரண்டு சென்டிமீட்டர் மேலே ஏறி, கோடு சரியாகத் தாடை மூலையில் உட்கார்ந்துவிட்டது. ஒரு பெட்டியை மூடி போட்டு மூடியது போல இருந்தது. தாடையிலிருந்து கழுத்தெலும்பு வரை வளர எட்டு மாதம் ஆயிற்று. அதுவரை எந்த விசேஷத்திலும் அவள் என்னோடு போட்டோவுக்கு நிற்கவில்லை.

சதுர முகத்தில் நுனி தாடை மூலையில் மட்டும் முடியக் கூடாது. அதற்குக் கீழே மூன்று நாலு விரல் இறங்கியோ, துணிச்சல் இருந்தால் காது மடல் வரை ஏறியோ நிற்கலாம். நேர்க்கோடாக வெட்டுவதைவிட, கத்தரிக்கோலைச் செங்குத்தாகப் பிடித்து நுனியைக் கலைத்து வெட்டினால் மூலை மழுங்கும். நடு வகிடும் நேர் ஃபிரிஞ்சும் சேர்ந்தால் பெட்டிக்கு இன்னும் இரண்டு கோடு கூடும். கோண வகிடும், கன்னத்திலிருந்து தாடையைத் தாண்டி இறங்குகிற நீளமான ஃபிளிக்ஸும் போதும். எல்லோரும் தாடையை மறைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. எடுப்பான தாடையைக் காட்டிக்கொண்டு கொண்டை போட்டு நடக்கிறவர்களைப் பார்த்தால் நான் கத்தரிக்கோலை எடுக்கவே மாட்டேன்.

இதய முகத்தில் பிரச்சினை மேலே. நெற்றி 6.4, தாடை 4.9 என்று ஒரு பெண்ணுக்கு அளந்தது நினைவிருக்கிறது. முன்னால் முடியைத் தூக்கி பஃப் வைப்பது இவர்களுக்கு எதிரி. ஏற்கெனவே அகலமான இடத்தில் இன்னும் உயரமும் அகலமும் சேர்கிறது. நடு வகிடு இவர்களுக்கு நன்றாகவே பொருந்தும், அம்மாக்களுக்கும் வேலை இல்லை. வகிட்டிலிருந்து இரண்டு பக்கமும் திரை விலகியது போல ஃபிளிக்ஸ், புருவ வால் வழியாகப் போய் நெற்றி ஓரங்களை மூடினால் நெற்றி ஒரு விரல் குறையும். முடியின் கனம் காதுக்குக் கீழேதான் இருக்க வேண்டும், ஆகவே லேயர் மோவாயிலிருந்து தொடங்கலாம். நீள முகத்துக்கு வேண்டாம் என்று மேலே தள்ளிய அதே ஸ்டெப் கட் இங்கே சரியாக உட்காரும்.

முட்டை முகத்துக்கு எதுவும் பொருந்தும் என்பார்கள். முகத்துக்குப் பொருந்தும்தான். முடிக்குப் பொருந்த வேண்டாமா? அடர்ந்த அலை முடியைத் தோளோடு ஒரே நீளமாக வெட்டினால் மேலே படிந்து கீழே விரிந்து முக்கோணமாக நிற்கும், அதுவும் ஐப்பசி மழை நாட்களில் சொல்லவே வேண்டாம். மெல்லிய முடிக்கு நிறைய ஸ்டெப் போட்டால் விரித்துப் போடும்போது அழகு, பின்னினால் எலிவால். முட்டை முகக்காரர்களிடம் நான் முகத்தைப் பற்றிப் பேசுவதே குறைவு. தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய் இல்லாமல், காற்றில் காயவைத்த முடியோடு வா என்பேன். ட்ரையர் போட்டு நேராக்கியது கடற்காற்று ஈரம் பட்டதும் பழையபடி ஆகிவிடும்; நான் பார்க்க வேண்டியது அந்தப் பழையபடியைத்தான்.

வேறு எந்த பார்லருக்குப் போனாலும் வெட்டின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஒருவர் ஸ்டெப் கட் என்று வெட்டுவதை இன்னொருவர் லேயர் என்பார். முதல் நுனி எங்கே விழ வேண்டும் என்று விரலால் முகத்தில் தொட்டுக் காட்டுங்கள்: கன்ன எலும்பா, மோவாயா, கழுத்தெலும்பா. முன்பக்கத்தை மட்டும் காய்ந்த பிறகு வெட்டச் சொல்லுங்கள். அலை முடியாக இருந்தால் ஈரத்தில் அளந்த இடத்துக்கு அது ஒருபோதும் வந்து நிற்காது.

அந்த டீச்சர் ஏழு வாரம் கழித்துத் திரும்ப வந்தாள். கன்ன எலும்பில் இருந்த நுனி இரண்டு சென்டிமீட்டர் இறங்கி உதட்டோரத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தது. முகம் மறுபடி நீளுவது போல இருக்கிறது என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். ஆறு மாதத்து வேர் முடி அலையோடு வளர்ந்து, காதுக்கு மேலே இரண்டு பக்கமும் லேசாகப் புடைத்திருந்தது. நுனியை மட்டும் ஏற்றி வெட்டினேன். "திரும்ப ஸ்மூத்தனிங் பண்ணணுமாக்கா?" என்றாள். கண்ணாடியில் அந்தப் புடைப்பைத் தொட்டுக் காட்டினேன்.